நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போகும் புள்ளிகள்

டோர்லா கிவிஸ்டோ படிப்பதை விட்டு வெகு காலமாகிவிட்டது. ஆனாலும் அவள் வீட்டுச் சமையலறை மேசையில் எப்போதும் யாருடைய புத்தகமாவது கிடக்கும். டூ ஹார்பர்ஸ் என்ற துறைமுக ஊரிலும், ஏரிக்கரையை ஒட்டி வடக்கே போகும் சின்ன ஊர்களிலும் ஓய்வு பெற்றவர்களுக்குக் குறைவில்லை. குளிர்காலமோ நீளமானது. அவர்கள் எழுதினார்கள். மீன்பிடிப் படகைப் பற்றி, வளர்த்த நாய்களைப் பற்றி, கொரியப் போரில் இழந்த விரலைப் பற்றி. எழுதி முடித்ததும் அதைப் புத்தகமாக்கித் தரச் சொல்லி டோர்லாவிடம் வந்தார்கள். அவள் பக்கம் அமைத்துக் கொடுப்பாள். இணையத்தில் கேட்ட அளவுக்கு அச்சிட்டுத் தரும் நிறுவனம் ஒன்று பிரதிகளை அனுப்பும். ஆசிரியரே பதிப்பாளர். டோர்லாவின் பெயர் எங்கும் வராது. போடட்டுமா என்று சிலர் கேட்டதுண்டு. வேண்டாம் என்றுவிடுவாள். பெயர் போட்டால் பிழைகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் அவள் பள்ளிக்கூட நிர்வாக அலுவலகத்தில் இருந்தாள். சுற்றறிக்கை, மதிய உணவுப் பட்டியல், பட்டமளிப்பு அழைப்பிதழ் எல்லாம் அவள் கையில்தான் உருவாயின. இரண்டு அலுவலகங்களை ஒன்றாக்கியபோது இரண்டு டோர்லாக்கள் தேவைப்படவில்லை. கணவன் ரெய்னோவும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் பிரிந்து போனான். போனானே ஒழிய, பனி கொட்டினால் இன்றும் வண்டியோடு வந்து அவள் வாசல் பாதையிலிருந்து பனியைத் தள்ளிவிட்டுப் போகிறான். உள்ளே வருவதில்லை. ஜன்னல் வழியாகக் கை காட்டுவாள். அவனும் காட்டுவான்.

வலது மணிக்கட்டில் பட்டை. மேசைமேல் கண்ணுக்கான சொட்டு மருந்து. வேலை அவள் பார்வையையே ஒரு மாதிரி ஆக்கிவிட்டது. உணவு விடுதியில் அட்டையை எடுத்தால் சாப்பாட்டின் பெயர் தெரியாது. பெயருக்கும் விலைக்கும் நடுவே ஓடும் புள்ளிகள் நேராக முடிகின்றனவா என்பதுதான் தெரியும். பெரும்பாலும் முடியாது. தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தாளிலும் முடியாது. பாடல் எண்கள் வலது ஓரத்தில் குடிகாரர்களைப் போல முன்னும் பின்னுமாக நிற்கும். மற்றவர்கள் பாடும்போது டோர்லா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஆர்விட் ட்வெய்ட்டின் புத்தகமும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. கப்பலில் இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இடுப்பு எலும்பு மாற்றியாகிவிட்டது. கப்பல்கள், தாது உறைந்துபோகும் குளிர்காலங்கள், வேலைநிறுத்தம், விழுந்து செத்தவர்கள் என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தார். நவம்பரில் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் நடக்கும் மீன் விருந்தில் புத்தகத்தை வைத்து விற்க வேண்டும். ஊரே அங்கே வரும். அதற்குள் பெட்டி வந்து சேர வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அப்போது அப்படித்தான் இருந்தது.

பொருளடக்கத்தை அவரே தட்டச்சு செய்திருந்தார். அத்தியாயத்தின் பெயர், பிறகு முற்றுப்புள்ளிச் சாவியை அழுத்திப் பிடித்து ஒரு வரி நிறையப் புள்ளிகள், பிறகு பக்க எண். எண்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை என்று சில இடங்களில் இடைவெளியும் விட்டுப் பார்த்திருந்தார்.

"ராத்திரி பூரா உட்கார்ந்து புள்ளி வெச்சேன் டோர்லா. ஒண்ணைத் தள்ளினா இன்னொண்ணு நழுவுது. தாது வண்டியைக்கூட இதைவிடச் சுலபமா நிறுத்திடலாம்" என்றார்.

நிற்காது என்று அவள் சொன்னாள். எழுத்துகள் ஒரே அகலம் கிடையாது. ஒன்று ஒல்லி, ஒன்று குண்டு. பெயர்கள் வெவ்வேறு இடத்தில் முடியும்போது அங்கிருந்து எண்ணி வைக்கும் புள்ளிகள் எப்படி ஒரே இடத்தில் போய் முடியும்? புள்ளியை வைக்கவே கூடாது. வலது ஓரத்தில் ஒரு நிறுத்தம் வைத்து, எண் அங்கே வந்து முதுகைச் சாய்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். நடுவிலுள்ள வெற்றிடத்தைப் புள்ளிகளால் நிரப்பு என்றால் கணினி நிரப்பிக்கொள்ளும். ஒரு வரியின் புள்ளிகளுக்கு நேர் கீழே அடுத்த வரியின் புள்ளிகளும் வந்து நிற்கும். ஆர்விட் தலையாட்டினார். இந்தப் பேச்சை அவள் எத்தனையோ பேரிடம் பேசியாகிவிட்டது. எல்லோரும் இப்படித்தான் தலையாட்டினார்கள்.

காப்புரிமைப் பக்கத்தை அவர் ஏதோ ஒரு நாவலிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை எடுத்திருந்தார். வட்டத்துக்குள் எழுத்து, ஆண்டு, தன் பெயர், அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை, அதன் கீழே இப்படி மூன்று வரி: 'இது ஒரு கற்பனைப் படைப்பு. இதில் வரும் மனிதர்களும் சம்பவங்களும் கற்பனையே. உயிரோடிருப்பவர்களையோ இறந்தவர்களையோ ஒத்திருந்தால் அது தற்செயல்.'

டோர்லா அதைக் காட்டிக் கேட்டாள். இது உங்கள் வாழ்க்கைதானே, கற்பனை என்று எப்படிப் போடுவது? அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, இருக்கட்டும், அந்த வரிகள் இருந்தால்தான் கடையில் வாங்கின புத்தகம் மாதிரி இருக்கிறது என்றார். அவள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள், இரண்டாம் முறை சொல்ல மாட்டாள். அந்தப் பக்கத்தைத் தலைப்புப் பக்கத்தின் முதுகில், இடது கைப்பக்கத்தில், சின்ன எழுத்தில் வைத்தாள். எதிரே வலது கைப்பக்கத்தில் பொருளடக்கம் தொடங்கியது.

உள்ளே அத்தியாயங்களுக்கு நடுவே ஆர்விட் சின்னச் சின்ன உபதலைப்புகளைத் தடித்த எழுத்தில், வரியின் நடுவில் வைத்திருந்தார். ஒவ்வொன்றாகத் தேடிப் போக அவளுக்குத் தெம்பில்லை. தடித்து, தனியாக, நடுவில் நிற்கும் வரிகளையெல்லாம் ஒரே வீச்சில் தேடிப்பிடித்து உபதலைப்பு என்று குறித்தாள். எப்போதும் செய்வதுதான். குறித்தவை அத்தனையையும் கணினி பொருளடக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தது. அத்தியாயங்கள் ஓரத்திலிருந்து, உபதலைப்புகள் கொஞ்சம் உள்ளே தள்ளி. புள்ளிகள் ஓடின. எண்கள் வலது ஓரத்தில் சுவர் கட்டினாற்போல நின்றன. அவள் அளவுகோலை அந்த ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். நேராக இருந்தது. மாதிரிப் பிரதி ஒன்றை ஆர்விட் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அந்தப் பிரதி வந்த அன்று ஆர்விட் பல் வைத்தியரிடம் போயிருந்தார். உறையைப் பிரித்தது அவர் மனைவி ஃபில்லிஸ்.

புத்தகத்தைப் படிக்கப்போவதில்லை என்று ஃபில்லிஸ் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். கூட வாழ்ந்தாயிற்று, அதையே எழுத்திலும் எதற்கு என்பது அவள் கட்சி. ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தாயிற்று. ஆனால் கைக்கு வந்ததை யாரும் திறக்காமல் வைப்பதில்லை. அட்டையைப் பார்த்தாள். ஒன்றிரண்டு பக்கம் புரட்டினாள். பொருளடக்கம் வந்தது. 'முதல் குளிர்காலம்.' 'மூடுபனியில் சங்கு.' 'வேலைநிறுத்தம்.' அதன் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி, இப்படி இருந்தது: 'நான் கரினுக்குப் போன் செய்யவே இல்லை.' அங்கிருந்து புள்ளிகள் கிளம்பி 112-இல் போய் நின்றன.

கரின் அவர்களுடைய ஒரே மகள். வேலைநிறுத்த வருடத்தில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அரிசோனாவுக்குப் போனவள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், பெயர் மட்டும் எழுதி.

டோர்லாவுக்கு இதெல்லாம் மறுநாள் காலை ஆர்விட் போன் செய்தபோதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வெளியே நின்று பேசினார் போலிருக்கிறது, காற்று இரைந்தது. அவள் கேட்டுக்கொண்டே கோப்பைத் திறந்தாள். 112-ஆம் பக்கம். அந்த ஒரு வரியைத் தனிப் பத்தியாகப் பிரித்து, நடுவில் வைத்து, தடித்த எழுத்தாக்கியிருந்தார். மனத்தில் கனமாக இருந்ததைக் கனமாகப் போட்டிருந்தார், அவ்வளவுதான். அது தலைப்பு இல்லை. அவளுடைய வீச்சில் அகப்பட்டுக்கொண்டது. பொருளடக்கத்தில் அந்த வரி அவள் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. அவள் அதன் வலது முனையை மட்டும் பார்த்திருந்தாள்.

தப்பு என்னுடையது என்றாள். ஆர்விட் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. முந்தின இரவு ஃபில்லிஸிடம், எல்லாம் கதை, முன்பக்கத்திலேயே கற்பனை என்று போட்டிருக்கிறதே என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அவள் அந்தப் பக்கத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தாளாம். பிறகு, அப்படியானால் இடுப்பு வலியும் கற்பனைதானா, இனிமேல் நீயே குனிந்து காலுறை மாட்டிக்கொள் என்றாளாம். அதற்கப்புறம் பேசவில்லையாம்.

"நீதான் ஒரு உதவி பண்ணணும்" என்றார். "அவ உன்கிட்ட கேப்பா. வேற யாரோ புத்தகத்துல இருந்து அந்த வரி தவறி வந்துடுச்சுன்னு சொல்லிடு. கம்ப்யூட்டர் பண்ணிடுச்சுன்னு சொல்லு. கம்ப்யூட்டர்னா எல்லாரும் நம்புவாங்க."

"கரின்னு பேர் இருக்கே, ஆர்விட்."

"இந்த ஏரிக்கரைப் பக்கத்துல எத்தனை கரின் இருக்கா. கல்லை விட்டெறிஞ்சா ஒரு கரின் மேலதான் விழும்."

டோர்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கணினியின் மேல் பழி போடுவது அவளுக்குப் புதிதல்ல. தன் பிழைகள் பலவற்றை அது சுமந்திருக்கிறது; இன்னொன்றையும் சுமக்கும். மணிக்கட்டு வலித்தது. போனை வைத்தால் போதும் என்றிருந்தது. சரி என்றாள்.

மதியத்துக்குமேல் ஆர்விட்டின் பழைய டிரக் வந்து வாசலில் நின்றது. ஃபில்லிஸ் மட்டும் இறங்கினாள். ஆர்விட் எஞ்சினை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஃபில்லிஸ் பூட்ஸைக் கழற்றி விரிப்பின்மேல் ஒழுங்காக வைத்துவிட்டு, காலுறையோடு வந்து மேசையில் உட்கார்ந்தாள். ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையிலிருந்து மாதிரிப் பிரதியை எடுத்தாள். அட்டையின் குறுக்கே விற்பனைக்கு அல்ல என்று சாம்பல் பட்டை ஓடியது. டோர்லா காபி ஊற்றினாள். காலையில் போட்டது, கசந்துபோயிருந்தது. ஃபில்லிஸ் குடித்தாள்.

கொஞ்ச நேரம் பொருளடக்கத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரி துணியைத் தடவுவது போலிருந்தது. இந்தப் புள்ளியெல்லாம் யார் வைப்பது என்று கேட்டாள். எங்கே போய் நிற்க வேண்டும் என்று மட்டும் தான் சொல்வதாகவும், மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்றும் டோர்லா சொன்னாள். நேராக இருக்கிறது என்றாள் ஃபில்லிஸ். பாராட்டுப் போலவே இருந்தது.

"பேரையும் அதுவேதான் போட்டுக்குதா?"

"ஆமா."

"எங்கேர்ந்து எடுக்குது?"

டோர்லா ஜன்னல் வழியாக டிரக்கைப் பார்த்தாள். அதன் பின்னால் புகை வந்துகொண்டிருந்தது. ஆர்விட் சொல்லிக்கொடுத்த வாக்கியம் நாக்கில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அது ஒரு வாக்கியத்தோடு முடியாது. யாருடைய புத்தகம் என்று கேட்பாள். ஒரு பெயர் சொல்ல வேண்டும். அந்த ஆளுக்கும் ஒரு கரின் வேண்டும். 112-ஆம் பக்கத்துக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். இவ்வளவையும் கட்டி, அதன்பின் நாளைக்கும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டோர்லாவுக்கு நினைக்கும்போதே அலுப்பாக இருந்தது.

"புத்தகத்துல இருக்கிறதைத்தான் எடுக்கும், ஃபில்லிஸ். இல்லாததை அதால போட முடியாது. தலைப்புன்னு நினைச்சு நான் தப்பாக் குறிச்சுட்டேன். அந்தப் பட்டியல்ல அது வந்தது என் தப்பு. வரி அவரோடது."

ஃபில்லிஸ் தலையசைத்தாள். அதிர்ந்த மாதிரி இல்லை. 112-ஆம் பக்கத்துக்கு நேற்றே போய்ப் பார்த்தாயிற்று என்றாள். புள்ளி போகிற வழியே போனேன் என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். அந்த வருடம் தினமும் ஆர்விட்டை நச்சரித்தாளாம், மகளுக்குப் போன் செய் என்று. ஒருநாள் துறைமுகத்து அலுவலகத்திலிருந்து பேசிவிட்டதாக வந்து சொன்னாராம். தன் குரலைக் கேட்டதும் கரின் போனை வைத்துவிட்டாள் என்றாராம்.

"அப்பா குரலைக் கேட்டே வெச்சுட்டாளே, எவ்வளவு கல்நெஞ்சுன்னு நானும் விட்டுட்டேன். நான் ஒருதடவை கூடக் கூப்பிடல. அவ அங்கே போனையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்திருப்பா. நான் இங்கே அவமேல கோவமா இருந்திருக்கேன்."

குளிர்பதனப் பெட்டி ஒருமுறை உறுமி ஓய்ந்தது. ஃபில்லிஸ் பையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அந்தக் கிழவனை உள்ள கூப்பிடு. குளிர்ல விறைச்சுச் செத்துப்போனா அதையும் நான்தான் பார்க்கணும்."

ஆர்விட் கைத்தடியோடு வந்தார். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு டோர்லாவைப் பார்த்தார். அவள் தலையைக் குறுக்கே ஆட்டினாள். நாற்காலியில் மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

நீ படிக்க மாட்டேன்னு சொன்னியே என்றார் கடைசியில். அது குற்றச்சாட்டு மாதிரியும் இருந்தது, மன்னிப்புக் கேட்கிற மாதிரியும் இருந்தது. படிக்க மாட்டாள் என்பதால்தான் அங்கே எழுதினேன், எங்கேயாவது ஓரிடத்தில் சொல்லியாக வேண்டியிருந்தது என்றார். டயல் செய்யப் போனை எடுத்ததும், கடைசி எண்ணைச் சுற்றாமலே வைத்துவிட்டதும் எல்லாம் உள்ளே இருக்கிறதாம். தலைப்பை மட்டும் பார்க்காமல் அதையும் படி என்றார்.

"படிச்சாச்சு. ரெண்டு தடவை" என்றாள் ஃபில்லிஸ்.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டோர்லாவுக்கு அந்த இடத்தில் இருக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அது அவளுடைய சமையலறை. ஏதாவது பேச வேண்டுமே என்று, வரியைச் சாதாரணப் பத்தியாக மாற்றிவிட்டுப் பட்டியலைப் புதுப்பித்தால் பொருளடக்கத்திலிருந்து போய்விடும், வேறெதுவும் நகராது, இன்றே அனுப்பினால் விருந்துக்குள் பெட்டி வந்துவிடும் என்றாள். உள்ளேயும் வேண்டாமென்றால் உள்ளேயிருந்தும் எடுத்துவிடலாம்.

ஆர்விட் மனைவியைப் பார்த்தார். எடுத்துவிட வேண்டும் என்றுதான் அவர் முகம் சொன்னது. வாய் சொல்லவில்லை.

"முன்னாடி வேண்டாம். ஊருக்கு எதுக்கு" என்றாள் ஃபில்லிஸ். "உள்ள இருக்கட்டும். அவ்வளவு தூரம் படிக்கிறவன் படிச்சுட்டுப் போகட்டும்." மாதிரிப் பிரதியின் மேல் கையை வைத்தாள். "ஆனா இது கரினுக்கு. இன்னிக்கே தபால்ல போடறேன்."

டோர்லா, நல்ல பிரதி வந்ததும் அனுப்பலாமே, இதில் அட்டையில் பட்டை இருக்கிறது என்றாள்.

"அவ என் பொண்ணு. அப்பன் எழுதின புத்தகத்தைப் படிப்பாளா? என்னை மாதிரி முன்னாடி நாலு பக்கம் புரட்டுவா. அவ்வளவுதான். அந்த நாலு பக்கத்துலதான் இருக்கணும் அந்த வரி."

ஆர்விட் பிரதியைத் தன் பக்கம் இழுத்தார். அவர் பொருளடக்கத்தைத் திறக்கப்போகிறார், அந்த வரியை அடிக்கப்போகிறார் என்று டோர்லா நினைத்தாள். ஃபில்லிஸும் அப்படி நினைத்திருக்க வேண்டும், அவள் கை லேசாக நகர்ந்தது. அவர் திறந்தது எதிர்ப்பக்கத்தை. காப்புரிமைப் பக்கம். டோர்லாவின் சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கினார். 'இது ஒரு கற்பனைப் படைப்பு' என்பதில் தொடங்கி 'தற்செயல்' வரை, சின்ன எழுத்தாக இருந்ததால் மூக்கருகே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டு அடித்தார். கோடு நேராக வரவில்லை. ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார்.

அச்சாகும் புத்தகத்திலும் அதை எடுத்துவிடட்டுமா என்று டோர்லா கேட்டாள். எடுத்துவிடு என்றார். அங்கே வேறென்ன போடுவது என்று கேட்டாள். நினைவுக் குறிப்புகளில் வழக்கமாக, எனக்கு ஞாபகம் இருக்கிறபடி எழுதியது என்று போடுவார்கள்.

"அப்படியே போடு."

"ஞாபகம் இல்லாமலா இருந்துச்சு" என்றாள் ஃபில்லிஸ், பூட்ஸை மாட்டிக்கொண்டே. ஆனால் வாசல்படியில் பனி உறைந்திருந்தது. அவர் கைத்தடியை ஊன்ற இடம் தேடியபோது முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். டிரக் தபால் நிலையம் இருக்கும் பக்கம் திரும்பியது.

டோர்லா கோப்பைகளைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். 112-ஆம் பக்கத்து வரியைத் தேடி, உபதலைப்பு என்ற குறியை எடுத்துவிட்டு, தடித்த எழுத்தை மட்டும் அப்படியே விட்டாள். காப்புரிமைப் பக்கத்தில் மூன்று வரியை எடுத்து ஒரு வரியைப் போட்டாள். பொருளடக்கம் முழுவதையும் புதுப்பிக்கச் சொன்னாள். ஒரு கணம் எல்லாம் மறைந்து, பிறகு வந்து நின்றது. 'வேலைநிறுத்த'த்துக்கு அடுத்த தலைப்பு இப்போது 'வசந்தகாலப் பனி உடைப்பு.' எண்கள் ஓரத்தில் நேராக நின்றன.

அனுப்புவதற்கு முன் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு சற்று மூடியிருந்தாள். பிறகு அளவுகோலைத் தள்ளிவைத்துவிட்டு, இடது ஓரத்திலிருந்து வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தாள். 'முதல் குளிர்காலம்.' 'மூடுபனியில் சங்கு.' நாலாவது வரியில் கண் தானாகப் புள்ளிகளின் மேல் வழுக்கிக்கொண்டு வலது ஓரத்துக்குப் போய்விட்டது. திரும்பக் கொண்டுவந்து, முதலிலிருந்து தொடங்கினாள்.